வீட்டுப் பாஸ்வேர்டுகளை எங்கே வைப்பது: நோட்டா, பிரவுசரா, பாஸ்வேர்ட் மேனேஜரா?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மதுரையில் ஓய்வுபெற்ற அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டுக்குப் பொதுவாக ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ஆண்ட்ராய்டு போன். ஜிமெயில், நெட் பேங்கிங், ரயில் டிக்கெட், பி.எஃப்., பிராட்பேண்ட், கடைகள் என்று 30 கணக்காவது இருக்கும். அதில் முக்கால்வாசிக்கு மகன் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த ஒரே பாஸ்வேர்ட்.

ஆபத்து அந்த ‘ஒரே’ என்பதில்தான். ஏதோ ஒரு சின்னக் கடையின் வெப்சைட்டிலிருந்து இமெயிலும் பாஸ்வேர்டும் கசிந்தால், அதே ஜோடியை மற்ற தளங்களிலும் போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் இருக்கின்றன. ஆக, 30 கணக்குக்கு 30 வேறு பாஸ்வேர்ட் வேண்டும். அவற்றை எங்கே வைப்பது?

நோட்டைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவில் இருக்கும் நோட்டைத் திறக்க முடியாது. அதன் பலவீனம் வேறு. பார்த்துப் பார்த்து டைப் செய்ய வேண்டியிருப்பதால் எல்லாரும் சின்னப் பாஸ்வேர்டாக வைத்துக்கொள்வார்கள். மாற்றியதைக் குறிக்க மறந்துவிடுவார்கள். வங்கியின் தளத்தைப் போலவே இருக்கும் போலித் தளத்திலும் நோட்டைப் பார்த்து ஒழுங்காக டைப் செய்துவிடுவார்கள்.

பிரவுசர் அங்கே கைகொடுக்கும். இந்த வீட்டில் அது க்ரோம்; பாஸ்வேர்டுகளை உங்கள் கூகுள் கணக்கில், அதாவது ஜிமெயில் கணக்கில், சேமித்து வைக்கும். எந்த முகவரியில் சேமித்ததோ அந்த முகவரியில் மட்டும்தான் அது பாஸ்வேர்டை நிரப்பும். வழக்கமாகத் தானே நிரப்பும் பக்கத்தில் ஒரு நாள் நிரப்பவில்லை என்றால், உடனே கையால் டைப் செய்யாமல் மேலே முகவரியை ஒருமுறை படியுங்கள். (சில வங்கித் தளங்கள் தானாக நிரப்புவதையே தடுத்து வைத்திருக்கும், அங்கே இந்த அடையாளம் உதவாது.)

பாஸ்வேர்ட் மேனேஜர் என்பது இதே வேலையைச் செய்யும் தனி ஆப். கூகுள் கணக்கைச் சாராமல் இயங்கும், எந்த பிரவுசரிலும் போனிலும் வரும், இன்னொருவருடன் சில பாஸ்வேர்டுகளை மட்டும் பகிரலாம். ஆனால் அதைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால், பொதுவாக அந்த கம்பெனியாலும் திறந்துகொடுக்க முடியாது. அவர்களிடம் சாவி இல்லாதபடி கட்டியிருப்பதுதான் அதன் பாதுகாப்பே.

இந்த வீட்டுக்கு என் யோசனை: ஜிமெயிலைத் திறக்கும் விவரங்கள் மட்டும் நோட்டில், மற்றதெல்லாம் பிரவுசரில். பாஸ்வேர்ட் மேனேஜர் பிறகு, தேவைப்பட்டால்.

முதல் வேலை: ஜிமெயில். மற்ற பல கணக்குகளுக்கு ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் இமெயில் இங்கேதான் வருகிறது. ஆகவே அம்மா, அப்பா இருவரின் ஜிமெயிலுக்கும் புதிதாக, நீளமாக ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வையுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினால் போதும்:

```
murungai-kudai-sangu-veyil
```

இதையே வைத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் சொற்களை நீங்களே தேடுங்கள். நோட்டில் தெளிவாக எழுதி, பக்கத்தில் தேதி போடுங்கள். மாற்றினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதைத் தேதியோடு எழுத வேண்டும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் நோட்டின் ஒரே பலம் போய்விடும்.

அடுத்தது பேக்கப் கோட். வீடுகளில் அதிகம் விட்டுப்போவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அம்மாவின் போன் பஸ்ஸில் தொலைந்துவிட்டது. புதுப் போனில் ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தால், சரிபார்ப்புக்கான ஓ.டி.பி. தொலைந்த போனில் இருந்த சிம்முக்குத்தான் போகும். பாஸ்வேர்டுகள் எல்லாம் கூகுள் கணக்குக்குள் இருக்கின்றன, கணக்கோ திறக்கவில்லை. மாற்று சிம் வாங்கி அது வேலை செய்யும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்குத்தான் ஓ.டி.பி.க்குப் பதிலாகப் போடும் பேக்கப் கோட். `myaccount.google.com` போய், பாதுகாப்புப் பகுதியில் `2-Step Verification` என்பதை இயக்குங்கள். அதற்குள்ளேயே `Backup codes` என்று இருக்கும். எட்டு இலக்கத்தில் 10 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். 10-ஐயும் நோட்டில் எழுதுங்கள், பயன்படுத்தியதை அடித்துவிடுங்கள். புதிதாக 10 எடுத்தால் பழையவை செல்லாது.

இப்போது சோதனை. அம்மாவின் போனை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் மறைநிலை விண்டோ திறந்து, நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு அம்மாவே தன் ஜிமெயிலுக்குள் போகட்டும். மகன் பக்கத்தில் நின்று பார்க்கலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒன்றா ஏழா என்று தெரியாத கையெழுத்து, பாதியில் நிற்கும் வரி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

மூன்றாவது, பிரவுசர். க்ரோமில் சேமிக்கும் முன் அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று வலது மேல் மூலையில் பாருங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் மகனின் கணக்கு திறந்திருந்தால், அப்பாவின் ரயில் டிக்கெட் பாஸ்வேர்ட் மகனின் பட்டியலில் போய் உட்காரும். அப்பா தன் போனில் தேடினால் இருக்காது. அதனால் விண்டோஸிலேயே ஆளுக்கொரு பயனர் கணக்கும் பின்னும் வைத்துவிடுங்கள். சேமித்த பாஸ்வேர்டைக் கண்ணால் பார்க்க க்ரோம் விண்டோஸ் பின்னைக் கேட்கும். ஆனால் பக்கத்தில் நிரப்பி உள்ளே போவதற்கு வழக்கமாகக் கேட்காது. எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் L-ஐயும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்.

பிறகு `passwords.google.com` திறந்து `Checkup` ஓட்டுங்கள். கசிந்தவை, திரும்பத் திரும்பப் பயன்படுத்தியவை, பலவீனமானவை என்று பிரித்துக் காட்டும். கசிந்ததையும் பணம் சம்பந்தப்பட்டதையும் அன்றே மாற்றுங்கள், க்ரோம் தரும் பாஸ்வேர்டையே ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றை அந்தந்தத் தளத்துக்கு அடுத்து போகும்போது மாற்றினால் போதும். ஒரே நாளில் முப்பதையும் மாற்ற உட்கார்ந்தால் பத்தாவதில் சலித்துவிடும். நெட் சென்டரில் மட்டும் எதையும் சேமிக்காதீர்கள்.

யு.பி.ஐ. பின், ஏ.டி.எம். பின் இரண்டும் மூன்று இடத்திலும் வேண்டாம், தலைக்குள் இருக்கட்டும். ‘எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?’ என்று அப்பா கேட்பார். வங்கிப் பணத்துக்கு அதற்கான வழி நாமினி; அவருடைய பாஸ்வேர்ட் அல்ல.

பாஸ்வேர்ட் மேனேஜர் எப்போது? மகள் ஐபோனுக்கு மாறுகிறாள், பிராட்பேண்ட் கணக்கை அவளும் அப்பாவும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றால் அப்போது. பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரின் இலவசக் கணக்கில் எத்தனை பாஸ்வேர்டும் வைக்கலாம், இன்னொருவருடன் பகிரவும் செய்யலாம். மாஸ்டர் பாஸ்வேர்டுக்கும் அதே நான்கு சொல் முறைதான், ஆனால் வேறு சொற்கள். அதுவும் நோட்டுக்குப் போகும்.

க்ரோமிலிருந்து மாற்ற, பாஸ்வேர்ட் செட்டிங்ஸில் `Export passwords` கொடுத்தால் ஒரு CSV ஃபைல் இறங்கும். பிட்வார்டனில் `Import data` வழியாக ஏற்றுங்கள். அந்த ஃபைலில் எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டில்லாமல், யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும். ஏற்றியதும் ஐந்தாறு கணக்குகளைத் திறந்து சரிபார்த்து, ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். கடைசியாக, க்ரோமில் பாஸ்வேர்ட் சேமிப்பதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப் பாஸ்வேர்ட் ஒரு இடத்திலும் பழையது இன்னொரு இடத்திலும் நின்று, எது சரி என்று அம்மா போன் போட்டுக் கேட்பார்.