ஃபைனல் செட்டில்மென்ட் தாளை வரி வரியாக எழுதுவது எப்படி?

வேலையை விட்டுப் போன ஒருவருக்கு ஃபைனல் செட்டில்மென்ட் தாளை அனுப்பிய அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. "சார், எனக்குத் தரும்போது ஒரு நாள் சம்பளம் 1,200, பிடிக்கும்போது 2,067. இது என்ன கணக்கு?" கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தாளில் தொகை மட்டுமே இருந்தது, அது எப்படி வந்தது என்று எங்கேயும் இல்லை. அதற்குப் பிறகு நான் எழுதும் முறை இது.

கடைசி வேலை நாள், மொத்தச் சம்பளம், அடிப்படைச் சம்பளம், நோட்டீஸ் நாட்கள் எல்லாம் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். நம் உதாரணத்தில் மொத்தச் சம்பளம் 62,000, அடிப்படை 31,200. கடைசி நாள் ஜூலை 18.

படி 1: வரவு

ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தச் சம்பளம், எத்தனையால் வகுத்தோம், எத்தனை நாள்.

ஜூலை 1 முதல் 18 வரை சம்பளம்: மொத்தச் சம்பளம் 62,000-ஐ அந்த மாதத்தின் 31 நாட்களால் வகுத்து 18 நாட்களுக்கு, 36,000.

எடுக்காத விடுப்புக்குப் பணம்: அடிப்படைச் சம்பளம் 31,200-ஐ 26 வேலை நாட்களால் வகுத்து 9 நாட்களுக்கு, 10,800.

வரவு மொத்தம் 46,800. அவர் சொந்தக் காசில் செய்த அலுவலகச் செலவு ஏதாவது பாக்கி இருந்தால் அதைச் சம்பளத்தோடு கலக்காதீர்கள். தனி வரியாகப் போடுங்கள், அது வருமானம் இல்லை.

படி 2: நோட்டீஸ் பிடித்தம்

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். 60 நாள் நோட்டீஸ் தர வேண்டியவர் 45 நாள்தான் வேலை பார்த்தார். 15 நாள் குறைவு. எங்கள் விதிப்படி மொத்தச் சம்பளத்தை 30-ஆல் வகுக்க வேண்டும்: 62,000 ÷ 30 × 15 = 31,000.

பார்த்தீர்களா, ஒரே ஆளுக்கு மூன்று விதமான நாள் சம்பளம்: 2,000, 1,200, 2,067. வேறு இடத்தில் நோட்டீஸையும் அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடலாம், விடுப்பை 30-ஆல் வகுக்கலாம். எது சரி என்பதை வேலை ஒப்பந்தமும் அந்த ஊர்ச் சட்டமும்தான் சொல்லும். அதனால் வரிக்குக் கீழேயே "நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் பற்றிய பத்தியின்படி" என்று எழுதிவிடுங்கள். அப்படி ஒரு பத்தியைக் காட்ட முடியவில்லை என்றால் அந்தப் பிடித்தத்தைப் போடாதீர்கள்.

இன்னொரு சின்ன வலை. நாள் சம்பளத்தை முதலில் 2,067 என்று முழுமையாக்கிவிட்டு 15-ஆல் பெருக்கினால் 31,005 வரும். ஐந்துதானே என்று விட்டால் அந்த ஐந்துக்கும் போன் வரும். கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்:

```
=ROUND(B2/C2*D2, 0)
```

B சம்பளம், C வகுக்கும் எண், D நாட்கள். சம்பள மென்பொருள் தரும் தாளைவிட இந்த எளிய எக்ஸெல் தாள்தான் எனக்குப் பிடிக்கும். மென்பொருள் விடையை மட்டும் அச்சடிக்கிறது, இதில் வழியும் தெரிகிறது.

படி 3: மற்ற பிடித்தங்கள்

முன்பணம்: வாங்கியது 24,000, இதுவரை பிடித்தது 16,000, பாக்கி 8,000. மூன்று எண்ணையும் எழுதுங்கள்.

வருமான வரி: ஜூலைச் சம்பளத்துக்கு மட்டுமான வரி என்று நினைத்துத்தான் பலர் சண்டைக்கு வருவார்கள். "இந்த வரி ஆண்டு முழுவதுக்கும் 14,300, ஏற்கெனவே பிடித்தது 13,000, மீதி 1,300" என்று போட்டால் பேச்சே இல்லை.

பிடித்தம் மொத்தம் 40,300. கையில் வருவது 6,500.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒருவர், விடுப்பு ஆப்பில் 18 நாள் மீதி காட்டுகிறது, தாளில் 9 நாள்தான் இருக்கிறது என்று கேட்டிருந்தார். பல ஆப்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே முழு ஆண்டு விடுப்பையும் வரவு வைத்துவிடும். போகிறவருக்கோ வேலை பார்த்த மாதங்களுக்குத்தான் கணக்கு. மாதம் 1.5 நாள் என்றால் ஜனவரி முதல் ஜூன் வரை 9. போன ஆண்டு மிச்சம் 5-ஐக் கூட்டி, எடுத்த 5-ஐக் கழித்தால் 9. இந்த ஒரு வரியை இப்போது நான் விடுப்புத் தொகைக்குக் கீழே சேர்த்துவிட்டேன்.

பின்சேர்க்கை 2: பிடித்தம் வரவைத் தாண்டினால் கடைசி வரியில் வெறும் கழித்தல் குறி போட்டு அனுப்பாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அதை வெறும் கோடு என்று நினைத்து, அந்தப் பணம் வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தார். "நீங்கள் நிறுவனத்துக்குத் தர வேண்டியது" என்று எழுத்தில் போடுங்கள்.