மை மாறிய காசோலை: கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கியில் இரவுப் பணி பார்க்கும் தணிக்கையாளர் ஒருவர், காசோலையில் தொகை வேறு மையால் திருத்தப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கிறார். சிங்கப்பூரில் நடப்பதாக இந்தக் கதையை எழுத உட்காரும் புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துப்பிழை, பெயர்க்குழப்பம் எல்லாம் திருத்தும்போது சரியாகிவிடும். கதையையே சாய்த்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

திரையில் மையைப் பார்ப்பது

"செல்வி திரையில் காசோலையைப் பெரிதாக்கினாள். மை வேறாக இருந்தது." இந்த இரண்டு வரியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. சிங்கப்பூரில் 2003 முதல் வங்கிக்கு வங்கி போவது காசோலையின் படம்தான். தாள், அதைப் போட்ட வங்கியிலேயே தங்கிவிடும். பணம் கொடுக்க வேண்டிய வங்கி கையெழுத்து, தேதி, தொகை எல்லாவற்றையும் படத்தில் சரிபார்க்கிறது. அந்தப் படத்தில் இரண்டு கறுப்பு மைகளும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். மினுக்கமோ அழுத்தமோ படத்தில் வராது.

ஆகவே செல்வியைக் காசோலை போடப்பட்ட வங்கியில் உட்கார வையுங்கள். தாள் அவள் கைக்கு வரும். ஆனால் காசோலை எழுதியவர் வேறு வங்கியின் வாடிக்கையாளர். அவருடைய மாதிரிக் கையெழுத்தோ தொலைபேசி எண்ணோ அவளிடம் இருக்காது. தாளைப் பார்ப்பவளுக்கு ஆளைத் தெரியாது, ஆளைத் தெரிந்த வங்கியிடம் தாள் இல்லை. கதையின் இறுக்கம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. திரையில் மையைக் கண்டுபிடிக்க வைத்தால் அதை நீங்களே தூக்கி எறிந்துவிடுகிறீர்கள்.

இனி அவள் என்ன பார்க்கிறாள்? சிராங்கூன் சாலைக் கடைக்காரர் ஒருவர் எட்டாயிரம் வெள்ளிக்கு எழுதிய காசோலை என்று வைத்துக்கொள்வோம். 'எய்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசியில் 'ஒய்' என்ற ஒரே எழுத்தைச் சேர்த்தால் அது 'எய்ட்டி' ஆகிவிடும். எண்ணில் 8-க்கும் காற்புள்ளிக்கும் நடுவே ஒரு பூஜ்யத்தைச் செருகினால் 80,000. இடம் போதாததால் அந்தப் பூஜ்யம் மட்டும் ஒல்லியாக இருக்கும்.

மேசை விளக்கின் கீழே பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறாள். கடைக்காரர் எழுதியது பால்பாயிண்ட் பேனாவில். கோட்டுக்குள் மை படாத மெல்லிய வெள்ளைக் கீற்றுகள் ஓடுகின்றன, வளைவு முடியும் இடத்தில் மை சிறு திட்டாகத் தேங்கியிருக்கிறது. சேர்த்த எழுத்தின் வால் ஜெல் பேனாவில் எழுதியது. கீற்று இல்லை, திட்டு இல்லை, ஒரே சீராகக் கறுத்திருக்கிறது. தாளைத் திருப்பி விரல் நுனியால் தடவுகிறாள். பழைய எழுத்துகளின் அழுத்தம் பின்பக்கம் தட்டுப்படுகிறது. அந்த 'ஒய்' இருக்கும் இடம் வழவழப்பாக இருக்கிறது.

"அக்கா, சாதாரண கறுப்பு மைதானே?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்கட்டும். வெறும் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். தடயவியல் கூடத்தில் அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் சாயம் கலந்த மை பெரும்பாலும் மங்கிப்போகும், கார்பன் கலந்த மை கறுப்பாகவே நிற்கும். அந்தக் கருவியை இரவு மேசையில் கொண்டுவந்து வைக்காதீர்கள்.

மை வேறு என்றால் மோசடி என்று முடிவு கட்டுவது

பேனா பாதியில் நின்றுபோய் வேறு பேனா எடுத்தவர்கள் எத்தனையோ பேர். தணிக்கையாளர் எழுத வேண்டியது "இந்த இரண்டு இடங்களில் மை வேறுபடுகிறது" என்பது மட்டுமே. அதைப் பணம் கொடுக்கும் வங்கிக்குத் தெரிவித்தால், எழுதிய தொகை எவ்வளவு என்று அவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் கேட்பார்கள்.

மை காய்ந்ததை வைத்து நேரம் சொல்வது

கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

கடைக்காரரை முழு அப்பாவியாக்குவது

சம்மதம் இல்லாமல் தொகையை மாற்றிய காசோலை பொதுவாகச் செல்லாது. அதனால் நட்டம் வங்கிக்குத்தான் என்று பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். 1918-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று இருக்கிறது. குமாஸ்தா நீட்டிய காசோலையில் முதலாளி கையெழுத்துப் போட்டார். எண்ணில் 2 பவுண்டுதான் இருந்தது, இரு பக்கமும் இடம் காலி. எழுத்தால் தொகை எழுதும் வரியும் காலி. குமாஸ்தா அதை 120 ஆக்கிப் பணத்தை எடுத்துவிட்டான். கவனக்குறைவு முதலாளியுடையது, நட்டமும் அவருக்கே என்றது தீர்ப்பு. உங்கள் கடைக்காரர் 8-க்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டார், 'எய்ட்' என்ற சொல்லுக்குப் பின் எவ்வளவு விட்டார் என்பதைக் கதையின் தொடக்கத்திலேயே வாசகர் கண்ணில் காட்டிவிடுங்கள்.

காசோலையின் மேல் வட்டம் போடுவது

வேண்டாம். ஸ்டேப்ளரும் வேண்டாம். ஒளிபுகும் உறையில் போட்டு, குறிப்பைத் தனித்தாளில் எழுதுவாள்.