சாய்ந்த சுமை தாங்கும் கேன்டிலீவர்: மூன்று வரைபடமும் சுவரோரத் தகைவும்

சுவரில் பதித்த இரும்புப் பட்டை, வெளியே நீளம் 1.5 மீட்டர், அகலம் 50 மி.மீ., ஆழம் 100 மி.மீ. நுனியில் 5 கி.நி. சுமை, கீழ்நோக்கியும் சுவரை நோக்கியும் சாய்வாக அழுத்துகிறது. சாய்வு 30 டிகிரி. பட்டையின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதலில் சுமையைப் பிரிக்க வேண்டும், நான் சறுக்கியதும் இங்கேதான். அந்த 30 டிகிரி எதிலிருந்து அளந்தது? இங்கே பட்டையின் அச்சிலிருந்து. அதனால் அச்சோடு போவது 5 cos 30 = 4.33, குறுக்கே இறங்குவது 5 sin 30 = 2.5 கி.நி. நான் பழக்கதோஷத்தில் இறங்கும் பங்குக்கு cos போட்டு, சுவரோர மொமென்ட் 6.5 என்று வைத்து அரை நாள் வீணாக்கினேன். இப்போதெல்லாம் முதல் வேலையாகச் சுமை அம்பை அளவாக வரைந்துவிடுவேன். 30 டிகிரி அம்பு படுத்துத்தான் இருக்கும், அப்படியானால் இறங்கும் பங்குதான் சின்னது. மென்பொருளை விட இதற்குக் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும்.

வரைபடங்கள் சுலபம். அச்சு விசை நீளம் முழுக்க ஒரே −4.33, அதாவது அமுக்கம். வெட்டு விசையும் ஒரே 2.5. மொமென்ட் நுனியில் பூஜ்யம், அங்கிருந்து நேர்கோடாகச் சுவரில் −3.75 கி.நி.மீ. வெட்டு விசைச் செவ்வகத்தின் பரப்பும் 2.5 × 1.5 = 3.75 வருகிறதா பாருங்கள், வராவிட்டால் எங்கோ பிழை.

அப்புறம் சுவரோரத் தகைவு, நி./மி.மீ.² அளவில்:

```
A = 50 × 100 = 5000
Z = 50 × 100² / 6 = 83333
P/A = 4330 / 5000 = 0.87
M/Z = 3750000 / 83333 = 45
```

மேல் விளிம்பு இழுபடுகிறது, 45 − 0.87 = 44.13. கீழ் விளிம்பு அமுங்குகிறது, −45 − 0.87 = −45.87. இரண்டும் சமமாக இல்லை என்பதால், தகைவு பூஜ்யமாகும் கோடு நடுவில் இல்லாமல் கிட்டத்தட்ட 1 மி.மீ. மேலே ஏறி நிற்கும். வெட்டுத் தகைவை இங்கே கூட்டாதீர்கள், இரு விளிம்பிலும் அது பூஜ்யம்.

பிறகு சேர்த்தது: சுமை நுனியின் நடுவில் இல்லாமல் மேல் விளிம்பில் உட்கார்ந்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. 4.33 கி.நி. அப்போது நடு அச்சிலிருந்து 50 மி.மீ. மேலே தள்ளுகிறது, அதனால் நீளம் முழுக்க எதிர்த்திசையில் 0.22 கி.நி.மீ. மொமென்ட் சேரும். சுவரில் 3.75 என்பது 3.53 ஆகும். நுனியில் மொமென்ட் பூஜ்யமில்லை, +0.22, நுனியிலிருந்து 87 மி.மீ. தள்ளித்தான் கோடு பூஜ்யத்தைக் கடக்கும்.