டோட்டல் ஸ்டேஷன் அளவீடுகளை ஆள்கூறுகளாக மாற்றுவது: உவர்மலைக் காணி ஒன்றின் கணக்கு

கருவியே ஆள்கூறைக் காட்டும்போது கையால் ஏன் கணக்குப் போட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். திரையில் வரும் எண் பிழையாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை, அதனால்தான். ஒரேயொரு புள்ளியை முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம், கல்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலை உவர்மலையில் சரிவான ஒரு காணி, அதில் வீடு கட்டப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கருவி நிற்கும் புள்ளி A: கிழக்கு 1000.000, வடக்கு 2000.000. நமக்கு ஆள்கூறு தெரிந்த இன்னொரு புள்ளி B: கிழக்கு 1030.000, வடக்கு 1960.000. வீட்டின் மூலை P எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

முதலில் A-யிலிருந்து B-யின் திசைகோள், அதாவது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளக்கும் கோணம். கிழக்கு வித்தியாசம் +30, வடக்கு வித்தியாசம் −40. இங்கேதான் பலர் சறுக்குவார்கள். tan⁻¹(30 ÷ −40) என்று போட்டால் −36°52′12″ வரும், ஆனால் B தென்கிழக்கில் இருக்கிறது, எனவே 180° கூட்ட வேண்டும். சரியான விடை 143°07′48″. கேசியோ கல்குலேட்டர் என்றால் `Pol(-40,30)` என்று வடக்கை முதலில் போடுங்கள், கால்வட்டத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். விடை எதிர்மறையாக வந்தால் மட்டும் 360° கூட்டுங்கள். தூரம் 50.000 மீ என்றும் அதுவே சொல்லும், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து கிடைக் கோணம். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு முகத்திலும் பார்க்க வேண்டும்: ஒருமுறை இடமுகம், பிறகு தொலைநோக்கியைப் புரட்டி வலமுகம். B-க்கு 0°00′10″, 180°00′20″. P-க்கு 262°14′35″, 82°14′49″. வலமுக வாசிப்பில் 180° கூட்டியோ கழித்தோ இடமுகத்தோடு சராசரி எடுத்தால் B 0°00′15″, P 262°14′42″. கழித்தால் கோணம் 262°14′27″. இதை B-யின் திசைகோளோடு கூட்டினால் 405°22′15″, 360° போக P-யின் திசைகோள் 45°22′15″.

இனி தூரம். கருவி அளந்தது சாய்வுத் தூரம், 42.618 மீ. நேர் மேலிருந்து அளக்கும் உச்சிக் கோணம் இடமுகத்தில் 84°12′20″, வலமுகத்தில் 275°47′30″. இரண்டும் சேர்ந்து 360° வர வேண்டும், 10″ குறைகிறது, பாதியை இடமுகத்தில் கூட்டி 84°12′25″ என்று எடுக்கிறோம்.

```
கிடைத் தூரம் = 42.618 × sin 84°12′25″ = 42.400
உயர வித்தியாசம் = 42.618 × cos 84°12′25″ = 4.302
```

சாய்வுக்கும் கிடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள், 218 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்பது அங்குலத் தூணின் முழு அகலம். நிலாவெளிப் பக்கத்து மட்டமான மணல் காணியில் பழகியவர் சாய்வுத் தூரத்தையே எழுதிக்கொண்டு போனாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, மலைக்கு வந்ததும் அத்திவாரம் தள்ளிப் போய்விடும்.

ஆள்கூறு.

```
கிழக்கு = 1000 + 42.400 × sin 45°22′15″ = 1030.175
வடக்கு = 2000 + 42.400 × cos 45°22′15″ = 2029.787
```

கிழக்குக்கு sin, வடக்குக்கு cos. பள்ளியில் படித்த x அச்சுக் கோணம் இல்லை இது, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளப்பது. 45°-க்கு அருகில் இரண்டையும் மாற்றிப் போட்டாலும் விடை நம்பும்படியாகவே வரும், இங்கே கிழக்கும் வடக்கும் தலா 39 செ.மீ.தான் பிசகும், அதனால் பார்வையால் பிடிக்க முடியாது.

மட்டமும் வேண்டுமென்றால் A-யின் மட்டம் 12.000, கருவி உயரம் 1.520, பிரிசம் உயரம் 1.800 என்றால் 12.000 + 1.520 + 4.302 − 1.800 = 16.022.

சரி, இதை எப்படி நம்புவது? முதலில் B-க்கும் தூரம் அளந்து பாருங்கள். 50.000-க்குப் பதில் 50.030 வந்தால் பிரிசத்தில் −30 மி.மீ மாறிலி எழுதியிருந்தும் கருவியில் 0 என்று விட்டிருக்கலாம். அப்புறம் மற்ற மூலை Q-வையும் இதேபோல் கணக்கிட்டு, PQ நீளத்தை நாடாவால் கிடையாகப் பிடித்து அளந்து ஒப்பிடுங்கள்.

ஆனால் நாடா ஒத்துப்போனதும் கிளம்பிவிடாதீர்கள். B-யின் திசைகோளே பிழை என்றால் முழு வீடும் A-யைச் சுற்றித் திரும்பியிருக்கும், மூலைகளுக்கு இடையிலான நீளங்கள் மட்டும் அச்சொட்டாகச் சரியாகவே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது ஆள்கூறு தெரிந்த மூன்றாவது புள்ளி ஒன்றுதான். மூலைகளைப் பார்க்கும் முன்பே அதையும் ஒருமுறை பார்த்து, இதே கணக்கைப் போட்டு, கிடைக்கும் ஆள்கூறை அதன் உண்மையான ஆள்கூறோடு வைத்துப் பாருங்கள்.