கருவிப் பட்டியல் அனுபவம் ஆகாது

தேசிய சேவை முடித்த ஓர் இளைஞர் சென்ற மாதம் தம் சுயவிவரத்தைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார். இணையப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் தொடக்கநிலை வேலைக்கான விண்ணப்பம் அது. “வீட்டுச் சோதனைக்கூடம்: வாஸூ, சிஸ்மான், காலி லினக்ஸ், விண்டோஸ் சர்வர்” என்று ஒரே வரி. நான் அதிகம் காணும் தவறு இதுதான். ஒரு மென்பொருளை நிறுவ ஒரு மாலைப்பொழுது போதும். நிறுவியபின் என்ன பார்த்தீர்கள் என்பதே தேர்வாளரின் கேள்வி.

அதையே அவரிடம் கேட்டேன். வீவக வீட்டின் படுக்கையறையில், ஒரே மடிக்கணினியில் அவர் செய்திருந்த வேலை அந்த வரியில் இல்லவே இல்லை. தாக்குபவரின் இடத்தில் வைத்த காலி லினக்ஸிலிருந்து சோதனைக் கணக்கு ஒன்றுக்கு இரண்டு நிமிடத்தில் 40 தவறான கடவுச்சொற்களை அனுப்பியிருக்கிறார். விண்டோஸ் பதிவில் ஒவ்வொன்றும் தோல்வியுற்ற உள்நுழைவைக் குறிக்கும் 4625 என்ற நிகழ்வாக விழுந்தது. ஐந்து நிமிடத்தில் மூன்று விழுந்தால் எச்சரிக்கை வரும்படி விதி எழுதினார். மறுநாள் தாக்குதலே இல்லாமல் எச்சரிக்கை குவிந்தது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும், நிமிடத்துக்கொரு முறை தானாக ஓடும் திட்டமிட்ட பணி ஒன்று பழையதையே கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது, `Logon Type` எனும் உள்நுழைவு வகை தாக்குதலில் 3, பணியில் 4. விதியை 3-க்கு மட்டும் சுருக்கினார்.

“இதை ஏன் எழுதவில்லை, தம்பி?”

“அது நான் செய்த பிழை என்று நினைத்தேன், அண்ணா.”

பொய் எச்சரிக்கையைப் பிரித்தறிவதுதான் அந்த வேலையின் அன்றாடம்! இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: “கடவுச்சொல் ஊகத் தாக்குதலைக் கண்டறியும் விதி எழுதினேன், திட்டமிட்ட பணியால் வந்த பொய் எச்சரிக்கைகளை உள்நுழைவு வகையைக் கொண்டு நீக்கினேன்.” கீழே விதிக்கும் பதிவுப் படத்துக்கும் இணைப்பு. ஒரு வரம்பும் உண்டு. உள்நுழைவு வகை 3 இல்லாத தாக்குதல்கள் இந்த விதிக்குத் தப்பிவிடும். நேர்காணலில் அதை அவரே முந்திச் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் பகுதியில் “செக்யூரிட்டி பிளஸ், படித்துக்கொண்டிருக்கிறேன்” என்று எழுதாதீர்கள். தேர்வுக்குப் பதிவு செய்திருந்தால் தேதியைக் கொடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். தேறிப் பெற்ற அந்தச் சான்றிதழ் மூன்றாண்டுதான் செல்லும், ஆகவே பெற்ற மாதத்தையும் குறிப்பிடுங்கள்.

சிடிஎஃப் எனும் இணையப் பாதுகாப்புப் புதிர்ப் போட்டிகளில் குழுவின் இடத்தை மட்டும் எழுதுவது இன்னொரு தவறு. நால்வர் குழுவில் நீங்கள் தீர்த்த புதிர் எது? நெட்வொர்க் பதிவைப் பிரித்துத் திருடப்பட்ட கோப்பை எடுத்தீர்களா? அந்தத் தீர்வை ஒரு பக்கம் எழுதி இணையுங்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போது வெளியிடாதீர்கள்.

கடைசியாக, அவருடைய சுயவிவரத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரி: “அண்டை வீட்டு வைஃபையின் பலவீனத்தைச் சோதித்தேன்.” அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது சிங்கப்பூரில் கணினி முறைகேட்டுச் சட்டப்படி குற்றம். கேட்டபோது, சோதித்தது அண்டையில் இருக்கும் தம் அக்காள் வீட்டில், அவர் சம்மதத்தோடுதான் என்றார். அந்தச் சம்மதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.