பிள்ளை கை ஓங்கினால் பெற்றோர் என்ன செய்வது: ஒரு செய்முறை விளக்கம்

இரவு 11 மணிக்குக் கைப்பேசியைக் கேட்ட தாயைப் பார்த்துக் கத்திய 15 வயது மகன், அவரைச் சுவரோடு தள்ளிவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நொடியில் தாய் பயந்து விட்டுக்கொடுத்தால், தள்ளினால் காரியம் நடக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். தந்தை ஓடிவந்து அறைந்தாலோ, வலிமை உள்ளவனே வெல்வான் என்பது உறுதியாகிறது. காந்தியின் அறவழிப் போராட்டத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்ட இஸ்ரேலிய உளவியலாளர் ஹைம் ஓமர் காட்டும் மூன்றாவது வழியையே இங்கே விளக்குகிறேன்.

முதல் படி, அந்த நேரத்தில் வாதத்தை நிறுத்துவது. "இதை நான் ஏற்கவில்லை, பிறகு பேசுவேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியேறுங்கள். கைப்பேசியைப் பிடுங்க முயல வேண்டாம்; பெரும்பாலும் அந்த இழுபறியில்தான் அடி விழுகிறது. ஆயுதம் எடுத்தாலோ காயம் ஏற்பட்டாலோ மற்றப் பிள்ளைகளுடன் வெளியேறிக் காவல்துறையை அழையுங்கள். அந்தக் கட்டத்துக்கு இந்த முறை போதாது.

மறுநாள், எல்லோரும் அமைதியாக இருக்கும்போது, ஓர் அறிவிப்பை எழுதி வாசித்து அவனிடம் கொடுங்கள். "நேற்று நீ அம்மாவைத் தள்ளினாய். இந்த வீட்டில் அடிப்பதையும் தள்ளுவதையும் இனி ஏற்கமாட்டோம். நாங்களும் உன்னை அடிக்கமாட்டோம். இதை மறைக்கவும் மாட்டோம். சித்தப்பாவிடம் சொல்லி உதவி கேட்போம்." அவன் தாளைக் கிழித்தெறிந்தாலும் விட்டுவிடுங்கள், சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது. கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் பெற்றோர் மிகவும் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், வீட்டுக்குள் பூட்டிவைத்த இரகசியமே வன்முறைக்குக் காவலாகிவிடுகிறது. சித்தப்பா திட்டத் தேவையில்லை. "நடந்தது எனக்குத் தெரியும். உன்மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனால் இது நிற்க வேண்டும்" என்று அவர் சொன்னால் போதும்.

மீண்டும் நடந்தால், ஓரிரு நாள் கழித்து, பெற்றோர் இருவரும் அவனுடைய அறைக்குச் சென்று அமருங்கள். அவன் முரண்டு பிடிக்கக்கூடும் என்று தோன்றினால், சித்தப்பா அடுத்த அறையில் இருக்கட்டும். "இது திரும்ப நடக்காமலிருக்க நீ ஒரு யோசனை சொல்லும்வரை காத்திருக்கிறோம்" என்று சொன்னபின், அதிகபட்சம் 1 மணி நேரம் பேசாமல் இருக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான்: பத்து நிமிடத்தில் பழைய குற்றங்களைப் பட்டியலிட்டு அறிவுரை சொல்லத் தொடங்கிவிட்டால், அமர்வு மறுபடியும் சண்டையாகிவிடும். அவன் வெளியே போக விரும்பினால் தடுக்காதீர்கள். "10 மணிக்கே கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிடுகிறேன்" என்பதுபோல் அவன் எதையாவது முன்வைத்தால், "முயன்று பார்ப்போம்" என்று எழுந்துவிடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால், "இன்னும் வழி கிடைக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். தொடக்கத்தில் அவனுடைய கோபம் சிறிது கூடலாம். பழைய வழி பலிக்கிறதா என்று அவன் சோதிக்கிறான்.

இந்த நாட்களிலும் அவனுக்குப் பிடித்த சிறு காரியங்களை எப்போதும்போலச் செய்யுங்கள். அவை நல்ல நடத்தைக்கான பரிசும் அல்ல, தண்டனையாக நிறுத்திவைக்க வேண்டியவையும் அல்ல.