‘முன்கூட்டியே தெரிவிக்கவும்’ என்று எழுதினால் போதாது: வாராந்திரச் சந்திப்பு நேர அறிவிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தத் தொடங்கிய புதிதில் என் அறைக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினேன்: “புதன் மாலைகளில் மாணவர்கள் என்னைச் சந்திக்கலாம். முன்பதிவு அவசியம். வர இயலாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்.” முதல் புதனன்று மூன்று மணிக்கே ஒன்பது பேர் வராந்தாவில் நின்றார்கள். அடுத்த வாரம் பதிவு செய்திருந்த ஐவரில் இருவர் வரவில்லை. இடமில்லை என்று நான் திருப்பி அனுப்பிய மாணவி ஒருத்தி, அந்த நேரம் முழுவதும் நூலகத்தில்தான் இருந்திருக்கிறாள்.

‘மாலை’ என்ற சொல்லே முதல் தவறு. மூன்று முதல் ஐந்து மணி வரை என்று எழுதினாலும் பாதிதான் சரியாகும். அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்ற கணக்கு அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் வீதம் எட்டுப் பேர் என்று போட்டால், முதல் மாணவர் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசியதுமே பின்னால் வருபவர்கள் அனைவருக்கும் நேரம் தள்ளிப்போகும். ஆகவே பதினைந்து நிமிடச் சந்திப்பு, ஐந்து நிமிட இடைவெளி என்று ஆறு இடங்களாகப் பிரித்தேன். கடைசிச் சந்திப்பு 4.40க்குத் தொடங்கும், அதை மட்டும் பதிவு செய்யாமல் வருபவர்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

முன்பதிவுக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பயன்படுத்துவது அடுத்த தவறு. “சார், எனக்கு 3.20” என்ற செய்தி நாற்பது செய்திகளுக்கு அடியில் போய்விடும். கூகுள் ஃபார்முக்கு மாறினாலும் ஒரு சிக்கல் உண்டு: ஒருவர் 3.20ஐத் தேர்ந்தெடுத்த பிறகும் அந்த நேரம் தானாகப் பட்டியலிலிருந்து நீங்காது என்பதால், அடுத்தவரும் அதையே தேர்ந்தெடுப்பார். கூகுள் காலண்டரின் முன்பதிவுப் பக்கத்தில் எடுக்கப்பட்ட நேரம் மறைந்துவிடும். பதிவு செய்தவருக்கு வரும் மின்னஞ்சலிலேயே ரத்து செய்வதற்கான இணைப்பும் இருக்கும். ரத்து செய்யப்பட்ட நேரம் மீண்டும் எல்லோருக்கும் தெரியும்.

பெரும்பாலோர் சறுக்குவது ரத்து விதியில்தான். தொலைபேசியில் அழைத்துச் சொல்லச் சொன்னால், நான் வகுப்பில் இருக்கும்போது அழைப்பு வரும்; மாணவர் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வார், எனக்கோ தெரிந்திருக்காது. ஆகவே ரத்துக்கு ஒரே வழி, அது அந்த மின்னஞ்சல் இணைப்பு என்று எழுதினேன். ஆனால் முன்பதிவு செவ்வாய் மாலை ஆறு மணியோடு முடியும், ரத்து செய்யப் புதன் நண்பகல் வரை நேரம் உண்டு என்று வைத்திருந்தேன். புதன் காலையில் ஒருவர் ஒழுங்காக ரத்து செய்தாலும் அந்த இடத்தை வேறு எவராலும் எடுக்க முடியவில்லை. விதியை மதித்தவரால் யாருக்கும் பயன் இல்லை. ரத்துக்கான கெடு, முன்பதிவுக்கான கெடுவுக்கு முன்னால் முடிய வேண்டும். இப்போது ரத்து நண்பகல் 12 மணி வரை, முன்பதிவு பிற்பகல் 1 மணி வரை. அந்த ஒரு மணி நேரத்தில் வளாகத்திலேயே இருக்கும் யாராவது ஒருவர் இடத்தைப் பிடித்துவிடுகிறார்.

இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு தவறும் உண்டு. கடலூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவர்களுக்கு, எந்த ஊரின் விடுமுறையைப் பின்பற்றுகிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ஆகிய இரண்டும் புதுச்சேரியில் விடுமுறை, தமிழகத்தில் இல்லை. இரண்டுக்கும் இடையே சரியாகப் பதினொரு வாரங்கள் என்பதால் எந்த ஆண்டிலும் அவை ஒரே கிழமையில்தான் வரும். 2023இல் இரண்டும் புதன். ஒரே பருவத்தில் எனக்கு இரண்டு சந்திப்பு நாள்கள் போயின. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலூருக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார், புதுச்சேரிக்குத் தனியே அறிவிப்பு வரும். ஒன்று மட்டும் வந்த நாளில் வராதவரைக் குறை சொல்ல இயலாது.

இப்போது கதவில் இருப்பது இது:

“புதன் பிற்பகல் 3.00 முதல் 4.55 வரை. பதினைந்து நிமிடம் வீதம் ஐந்து பேர், 4.40க்கு, பதிவு செய்யாமல் வருபவர்களில் முதலில் வருபவர். முன்பதிவு திங்கள் காலை 9 மணி முதல் புதன் பிற்பகல் 1 மணி வரை. வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு முறை. ரத்து: மின்னஞ்சலில் உள்ள இணைப்பு வழியாக மட்டும், புதன் நண்பகல் 12 மணிக்குள். ஐந்து நிமிடம் தாமதித்தால் இடம் காத்திருப்பவருக்குப் போகும். புதுச்சேரி விடுமுறை நாள்களில் சந்திப்பு இல்லை. கடலூரில் மட்டும் மழை விடுமுறை என்றால், அங்கிருந்து வருவோர் நண்பகலுக்குப் பிறகும் ரத்து செய்யலாம். நான் வர முடியாவிட்டால் பதிவு செய்த ஐவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, வெள்ளிக்கிழமை அதே நேரத்தைத் தருவேன்.”

கடைசி வரியைச் சேர்க்க எனக்கு ஓராண்டு ஆனது. மாணவருக்கு ரத்து விதி எழுதிய நான், எனக்கு ஒன்று எழுதிக்கொள்ளவில்லை என்பதை ஒரு மாணவர்தான் சுட்டிக்காட்டினார்.